வாரக் கூட்டத்தை நிரந்தரமாக வேறு நேரத்துக்கு மாற்றுவது: அறிவிப்பு முதல் ஆறாவது வாரம் வரை முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் எங்கள் அலுவலகம், ஆத்தங்குடியில் பட்டறை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் செய்து விற்கிறோம். வாரம் ஒரு கூட்டம். மொத்தம் ஒன்பது பேர். ஆர்டர் எடுக்கும் இரண்டு பேர், கணக்கு பார்க்கும் அக்கா, டிசைன் போடும் தம்பி, உரிமையாளர் ஆச்சி, நான் ஆகிய ஆறு பேரும் அலுவலகத்தில் உட்காருவோம். பட்டறையிலிருந்து மேஸ்திரி அண்ணன் வீடியோவில் வருவார். சென்னையில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் அவரவர் இடத்திலிருந்து சேர்ந்துகொள்வார்கள். இந்தக் கூட்டம் பல வருடங்களாகத் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நடந்தது. 2025 செப்டம்பரில் அதைப் புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மாற்றினோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே சறுக்கியது என்பதை வரிசையாக எழுதுகிறேன். கூட்டம் மாறுகிறது என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து வேறு சிலவும் நகர்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் அந்த ஒரு வரியால் பயனில்லை.

பழைய நேரம் ஏன் வந்தது என்று முதலில் கேளுங்கள்

எந்தக் கூட்டத்தின் நேரத்துக்கும் ஒரு பழைய காரணம் இருக்கும். அது தெரியாமல் மாற்றினால், அந்தக் காரணத்தை நம்பியிருந்த யாரோ ஒருவர் கடைசி நிமிடத்தில் எழுந்து மறுப்பார். நான் ஆச்சியிடம் போய்க் கேட்டேன்.

"திங்கள்னா ஏழரையிலேர்ந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம். பத்தரைக்கு எமகண்டம். நடுவுல பத்து மணிதான் தோது. அதான் தம்பி வச்சேன். அப்ப பட்டறைய பெரியவர் பார்த்துக்கிட்டாரு, கூட்டத்துக்கு நானும் கணக்குப்பிள்ளையும் மட்டும்தான்."

விஷயம் தெளிவாகிவிட்டது. பத்து மணி என்பது நல்ல நேரம் பார்த்து வைத்தது. அப்போது பட்டறை ஆள் யாரும் கூட்டத்துக்கு வர வேண்டியதே இல்லை. இப்போது மேஸ்திரி இல்லாமல் கூட்டமே இல்லை. எனவே புது நேரமும் ஆச்சிக்கு ஒத்துவரும் நேரமாக இருக்க வேண்டும், அதே சமயம் மேஸ்திரி கையில் வேலை இல்லாத நேரமாகவும் இருக்க வேண்டும். வார நேரங்களை எழுதிப் பார்த்தால், புதனுக்கு எமகண்டம் 7:30 முதல் 9 வரை, ராகுகாலம் 12 முதல் 1:30 வரை. பிற்பகல் 3 மணிக்கு எந்தத் தடையும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்றால் 3 முதல் 4:30 வரை ராகுகாலம்; அதை நான் கேட்கவே இல்லை.

காரணத்தை வேலையிலிருந்து எடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நேரம் மாறுகிறது என்றால் ஏற்றுக்கொள்ள எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டும். "அனைவரின் வசதிக்காக" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கு வசதி குறைகிறதோ அவர் அதைப் படிக்கும்போதே கணக்குப் போட்டுவிடுவார்.

எங்கள் காரணம் சிமென்ட். ஆத்தங்குடி கல் எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் அந்தந்த நிறக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, அதன் மேல் சாந்து போட்டு மட்டம் தட்டுவார்கள். முன்தினம் ஊற்றிய கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் காலை வேலைதான். ஆக, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பட்டறையில் நிறம் கலந்த தொட்டிகள் திறந்தே இருக்கும். தண்ணீர் பட்ட சிமென்ட் யாருக்காகவும் நிற்காது. முதல்கட்ட இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றுதான் இந்தியத் தரநிலை சொல்கிறது; வெயில் காலத்தில் கலவை அதற்கு முன்பே தடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது பத்து மணிக் கூட்டம் ஒரு மணி நேரம் நடக்கிறது என்று வையுங்கள். மேஸ்திரி வெளியே வந்து போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே பச்சை நிறக் கலவைத் தொட்டி காத்திருக்கும். பதினொரு மணிக்குத் திரும்பிப் போய்த் தடித்ததை இளக்க ஆட்கள் தண்ணீர் சேர்ப்பார்கள், அல்லது புதிதாகக் கலப்பார்கள். இரண்டிலுமே காலையில் ஊற்றிய பச்சையும் மதியம் ஊற்றிய பச்சையும் ஒன்றாக வராது. ஒரே ஹாலுக்குப் போகும் 600 கல்லில் இரண்டு பச்சை இருந்தால், அதைப் பதித்த பிறகுதான் வாடிக்கையாளர் கண்ணில் படும். ஜூலையில் அப்படி ஒரு ஆர்டரில் 40 கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கல் கொடுத்தோம். ஊற்றிய தேதியைப் பார்த்தால், அந்த 40 கல்லும் திங்கட்கிழமையுடையது.

இதுதான் காரணம். இதை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். "மேஸ்திரி சரியாக வர முடியாததால்" என்று எழுதினால் அந்த மனிதரைப் பழி சுமத்துவதாகிவிடும். அவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குறை அவரிடம் இல்லை, பத்து மணியிடம்தான் இருக்கிறது. "காலையில் கலவை திறந்திருக்கும் நேரம் என்பதால்" என்று எழுதினால் அதே உண்மை, யாரையும் நோக்கிக் கை நீட்டாமல் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் சின்னது. சனி ஞாயிறுகளில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருபவர்கள் பட்டறைக்கும் வந்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கணக்கு திங்கள் மதியத்துக்குள்தான் முடியும். பத்து மணிக் கூட்டத்தில் நாங்கள் பேசியது பாதி எண்களை வைத்து. இதை அறிவிப்பில் ஒரு வரியில் சொன்னால் போதும். ஐந்து காரணம் அடுக்கினால் எதையும் நம்ப மாட்டார்கள்; உண்மையான ஒன்றும் துணைக்கு ஒன்றும் போதும்.

எல்லோரிடமும் "எது வசதி" என்று கேட்காதீர்கள்

ஒன்பது பேரிடம் எந்த நேரம் வசதி என்று கேட்டால் ஒன்பது பதில் வரும். அப்புறம் யார் பதிலை எடுத்தாலும் மற்றவர்கள் தோற்றதாக நினைப்பார்கள். நான் கேட்டது வேறு கேள்வி: "உங்களால் முடியவே முடியாத நேரம் எது?" இதற்கு வரும் பதில்கள் குறைவு, உறுதியானவை. அலுவலகத்தில் இருவருக்கு 4 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போக வேண்டும். மேஸ்திரிக்குக் காலை எந்த நாளும் முடியாது, மாலை 4:30க்கு மேல் லாரியில் கல் ஏற்றும் வேலை. சிங்கப்பூர்த் தம்பிக்கு அங்கே மாலை 6:30க்கு மேல் முடியாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் அடித்துக்கொண்டே வந்தால், வார நாட்களில் பிற்பகல் 2 முதல் 4 வரைதான் மிஞ்சியது. இதில் செவ்வாயும் (ராகுகாலம் 3 முதல்) வியாழனும் (1:30 முதல் 3) வெட்டுப்பட்டன. வெள்ளிக்கிழமை வார இறுதி விற்பனைக்கான தயாரிப்பு. அப்படித்தான் புதன் 3 மணி வந்தது, 3:40க்கு முடிவது என்று.

சிங்கப்பூர் நம்மைவிட எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும், எனவே நமக்கு 3:00 என்றால் அவருக்கு 5:30. வருடம் முழுக்க மாறாது. உங்கள் குழுவில் லண்டனிலோ அமெரிக்காவிலோ யாராவது இருந்தால் இதை நம்பக் கூடாது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நமது 3 மணி அங்கே கோடையில் காலை 10:30, குளிர்காலத்தில் 9:30. அப்படி இருந்தால் அறிவிப்பிலேயே "இந்திய நேரம்தான் நிலையானது, உங்கள் பக்கம் மணி மாறும்" என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அக்டோபர் கடைசியில் ஒருவர் ஒரு மணி நேரம் தள்ளி வருவார்.

அடுத்த மூன்று மாதத்தைக் காலண்டரில் பாருங்கள்

நேரம் முடிவானதும் உடனே தேதி சொல்லத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து, வரப்போகும் பன்னிரண்டு புதன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் 27 புதன், விநாயகர் சதுர்த்தி. பிள்ளையார்பட்டியில் பத்து நாள் திருவிழாவின் நிறைவு நாள் அது. பட்டறையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். முதல் புதன் கூட்டத்தை அன்று வைத்திருந்தால், மாற்றம் தொடங்கும் நாளிலேயே ரத்து என்று அறிவிக்க வேண்டியிருக்கும். புது நேரத்தின் முதல் கூட்டம் ரத்தானால், "இது சும்மா பேச்சு" என்ற எண்ணம் விழுந்துவிடும். ஆக முதல் புதன் செப்டம்பர் 3 என்று வைத்தேன்.

அதைப் போல அக்டோபர் 1 புதன், ஆயுத பூஜை. அந்த வாரம் கூட்டத்தை நகர்த்தித்தான் ஆக வேண்டும். எங்கே நகர்த்துவது என்பதையும் முன்பே முடிவு செய்தேன்: செப்டம்பர் 30 செவ்வாய், பிற்பகல் 2 மணி, ராகுகாலத்துக்கு முன்பே முடிந்துவிடும். திங்கள் 10 மணிக்கு மட்டும் போகவே கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். மாற்றிய புதிதில் ஒரே ஒரு முறை பழைய நேரத்துக்குத் திரும்பினாலும் பாதிப் பேர் பழையதுதான் வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

கூட்டத்தில் தொங்குபவற்றைக் கணக்கெடுங்கள்

கூட்டத்தின் நாள் மாறும்போது, அந்த நாளைக் கம்பமாக வைத்துக் கட்டிய கயிறுகள் எல்லாம் இழுபடும். எங்களுக்கு மூன்று இருந்தன. ஆர்டர் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் கணக்கு அக்காவிடம் கொடுக்கும் கடைசி நேரம் சனி மாலையாக இருந்தது. இனி செவ்வாய் மாலை 5 மணி. கூட்டம் முடிந்த மதியமே வெள்ளைச் சிமென்டும் நிறப்பொடியும் ஆர்டர் போடுவோம். இனி அது வியாழன் காலை. பட்டறை ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி, அது மாறாது.

இரண்டாவதில்தான் ஆபத்து. பொருள் வாங்கும் நாள் திங்களிலிருந்து வியாழனுக்குப் போனால், மாறும் வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி விழும். கணக்கு இப்படி. வழக்கமாகத் திங்கள் மதியம் சொல்லும் பொருள் செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை ஓடும். ஞாயிறு விடுமுறை போக ஆறு வேலை நாள். நாளைக்கு இரண்டு மூட்டை வெள்ளைச் சிமென்ட் என்றால் 12 மூட்டை. ஆனால் ஆகஸ்ட் 25 திங்கள் சொல்லும் பொருள் செப்டம்பர் 4 வியாழன் வரை வர வேண்டும். 26 முதல் 4 வரை பத்து நாள். அதில் சதுர்த்தியும் ஞாயிறும் போக எட்டு வேலை நாள். 16 மூட்டை வேண்டும். வழக்கம்போல 12 சொல்லியிருந்தால் செப்டம்பர் 2 மாலையோடு சிமென்ட் தீர்ந்து, பட்டறை இரண்டு நாள் சும்மா நின்றிருக்கும். அதற்கான காரணம் கூட்டத்தை மாற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். நீங்கள் சிமென்ட் வாங்காவிட்டாலும் உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்: வாராந்திர அறிக்கை, பணம் விடுவிக்கும் ஒப்புதல், லாரி பதிவு. மாறும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தனியாக நாட்களை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் சொல்ல மறக்காதீர்கள். கூட்டம் மாறுகிறது என்று கேட்டதும் பட்டறையில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப கூலி நாளும் மாறுமா?" என்பது. மாறாததையும் அறிவிப்பில் எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

சொல்லும் வரிசை

முதலில் ஆச்சியிடம், நேரில். அடுத்து மேஸ்திரியிடம், பட்டறைக்கே போய். அவருக்காகத்தான் மாற்றம் என்பதால் அவர் மற்றவர்களோடு சேர்ந்து வாட்ஸப்பில் படிக்கக் கூடாது. மூன்றாவதாக, இந்த மாற்றத்தால் கொஞ்சம் இழப்பவர் யாரோ அவரிடம். எங்களுக்கு அது சென்னைக்காரர். புதன் பிற்பகல் அவர் கடைகளுக்குப் போகும் நேரம். அவரிடம் போனில் பேசினேன். "உங்க புதன் கடைச் சுற்று போகுது, தெரியும். கல் நிறம் மாறாம வந்தா உங்களுக்குத்தான் சண்டை குறையும்ணே" என்றேன். வருத்தம் இருந்தது, ஆனால் அறிவிப்பு வந்தபோது அவர் அமைதியாக இருந்தார்.

பிறகு ஆகஸ்ட் 11 திங்கள் கூட்டத்தின் முடிவில் வாயால் சொன்னேன். அன்றே, கூட்டம் முடிந்த அரை மணிக்குள் எழுத்தில் அனுப்பினேன். வாயால் சொன்னதை அன்றைக்கே எழுதாவிட்டால், அடுத்த நாள் ஆளுக்கொரு பதிப்பு இருக்கும். கடைசிப் பழைய கூட்டத்துக்கு முன் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். எங்களுக்கு 18, 25 என்று இரண்டு திங்கள் கிடைத்தன.

அறிவிப்பை எழுதுவது

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வந்த அறிவிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நிர்வாகக் காரணங்களுக்காக வாராந்திரக் கூட்டம் அடுத்த வாரம் முதல் புதன்கிழமைக்கு மாற்றியமைக்கப்படுகிறது." ஞாயிறு இரவு வந்தது. "அடுத்த வாரம்" என்றால் நாளை தொடங்கும் வாரமா, அதற்கு அடுத்ததா? நாங்கள் நால்வர் ஒரு புதனும் மற்றவர்கள் அடுத்த புதனும் போய் நின்றோம். மணி சொல்லவில்லை, பழைய மணியே என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இது ஒரு வாரத்துக்கா எப்போதைக்குமா என்றும் தெரியவில்லை. தேதி, மணி, நிரந்தரம் என்ற சொல், மூன்றும் இல்லாத அறிவிப்பு அது.

நாங்கள் அனுப்பியது இது:

> திங்கள் காலைக் கூட்டம் இனி புதன்கிழமை பிற்பகல் 3:00 முதல் 3:40 வரை. சிங்கப்பூர் நேரம் மாலை 5:30.
>
> கடைசித் திங்கள் கூட்டம் ஆகஸ்ட் 25. முதல் புதன் கூட்டம் செப்டம்பர் 3. செப்டம்பர் 1 திங்கள் கூட்டம் கிடையாது. இது ஒரு வாரத்துக்கு மட்டும் அல்ல, நிரந்தர மாற்றம்.
>
> காரணம்: காலை நேரம் பட்டறையில் நிறக் கலவை திறந்திருக்கும். அப்போது கூட்டம் வைப்பதால் கலவை காத்திருந்து நிறம் மாறுகிறது; ஜூலையில் 40 கல்லை மாற்றிக் கொடுத்தோம். சனி ஞாயிறு ஆர்டர் கணக்கும் திங்கள் 10 மணிக்குள் முடிவதில்லை.
>
> இதோடு மாறுபவை: ஆர்டர் எண்ணிக்கை இனி செவ்வாய் மாலை 5 மணிக்குள். பொருள் ஆர்டர் இனி வியாழன் காலை. ஆகஸ்ட் 25 அன்று மட்டும் செப்டம்பர் 4 வரைக்கும் சேர்த்துப் பொருள் சொல்வோம்.
>
> மாறாதவை: சனிக்கிழமை கூலி, லாரி நேரம், கூட்டத்தில் யார் யார் என்பது.
>
> அக்டோபர் 1 ஆயுத பூஜை என்பதால் அந்த வாரக் கூட்டம் செப்டம்பர் 30 செவ்வாய் பிற்பகல் 2:00.
>
> புதன் 3 மணி வரவே முடியாதவர்கள் ஆகஸ்ட் 18க்குள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

முதல் வரியிலேயே புது நேரம் வந்துவிட வேண்டும். வாட்ஸப் நோட்டிபிகேஷனில் அந்த ஒரு வரிதான் தெரியும். "செப்டம்பர் 1 கூட்டம் கிடையாது" என்பது மேலே சொன்னதிலிருந்தே புரியும்தான், ஆனாலும் எழுதுங்கள். எது இல்லை என்று தேதியோடு சொன்னால்தான் பழைய பழக்கம் நிற்கும். கடைசி வரியில் "கருத்துகளை வரவேற்கிறேன்" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. முடிவு எடுத்தாகிவிட்டது, திறந்திருப்பது ஒரே ஒரு கதவு, அதுவும் வரவே முடியாதவருக்கு, ஒரு தேதி வரைக்கும்.

காலண்டரில் செய்வது

கூகுள் காலண்டர் வைத்திருப்பவர்கள் பழைய கூட்டத்தை எடுத்து நேரத்தை மாற்றிவிட்டு `All events` என்று கொடுத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் மாற்றம் முழுத் தொடருக்கும் போகும். முடிந்துபோன கூட்டங்களின் தேதியும் குழம்பும், யார் என்றைக்கு என்ன சொன்னார் என்று பிறகு தேடும்போது திங்கள் குறிப்பு புதனில் கிடக்கும்.

எனக்குப் பிடித்த வழி, பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தனியாகத் தொடங்குவது. செப்டம்பர் 1 கூட்டத்தைத் திறந்து, அழிக்கும் பொத்தானை அழுத்தி, `This and following events` என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஆகஸ்ட் 25 வரைக்கும் உள்ளவை அப்படியே நிற்கும். பிறகு செப்டம்பர் 3க்குப் புதிய கூட்டம் போட்டு `Weekly on Wednesday` கொடுங்கள். நேர மண்டலம் இந்திய நேரம் என்று இருக்கிறதா பாருங்கள். அவுட்லுக்கிலும் இதே வழிதான் நல்லது: பழைய தொடருக்கு முடிவுத் தேதி, புதிய தொடர் தனியாக.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: புதிய கூட்டத்துக்குப் புதிய வீடியோ இணைப்பு வரும். பழைய இணைப்பை மேஸ்திரி போனில் முகப்புத் திரையிலேயே சேமித்து வைத்திருந்தார். அதை நானே போய் மாற்றிக் கொடுத்தேன்.

வாட்ஸப்பில் செய்தியை மேலே தெரியும்படி பின் செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். ஆகஸ்ட் 11 பின் செய்தால் முதல் புதனைத் தாண்டி ஒரு வாரத்தில் மறைந்துவிடும். எனவே குழு விவரத்திலும் ஒரு வரி எழுதினேன்: "கூட்டம்: புதன் 3:00". பட்டறையில் சுண்ணாம்புச் சுவரில் இருக்கும் கரும்பலகையிலும் எழுதினோம். அங்கே பலர் காலண்டர் செயலியே பார்ப்பதில்லை.

மாறிய பிறகு எங்கே சறுக்கும்

செப்டம்பர் 1 திங்கள் காலை 9:45க்கு மேஸ்திரி போனில் அலாரம் அடித்திருக்கிறது. வருடக்கணக்கில் ஒவ்வொரு திங்களும் அடித்த அலாரம். அவர் கலவையை விட்டுவிட்டு வெளியே வந்து, போனைப் பார்த்து, எனக்குக் கூப்பிட்டார்: "தம்பி, இன்னைக்கு இல்லைல்ல?" அறிவிப்பில் எல்லாம் எழுதியிருந்தேன், அலாரத்தை மட்டும் யோசிக்கவில்லை. அதே பத்து மணிக்கு டீக்கடைப் பையன் அலுவலகத்துக்கு ஆறு டீயும் ஒரு தட்டு வடையும் கொண்டுவந்து வைத்தான். அவனிடமும் யாரும் சொல்லவில்லை. உங்கள் கூட்டத்தோடு டீ, ஆட்டோ, கூட்ட அறைச் சாவி என்று வெளியாட்கள் யாராவது இருந்தால், அவர்களையும் ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் "இல்லாத" நாளின் காலையில் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டால் பெரும்பாலான சிக்கல் தீரும்: "இன்று கூட்டம் இல்லை. புதன் 3 மணி." நான் அதை 10:20க்குத்தான் போட்டேன், 8:30க்கே போட்டிருக்க வேண்டும்.

மாற்றம் பிடித்திருக்கிறதா என்று அறிய ஒரு எளிய அடையாளம் உண்டு. "இன்னைக்கு மீட்டிங் உண்டா?" என்ற கேள்வி குழுவில் வருவது நிற்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு செப்டம்பர் 3 அன்று இரண்டு பேர் கேட்டார்கள், 10 அன்று ஒருவர், 17லிருந்து யாரும் இல்லை. மூன்றாவது, நான்காவது வாரத்திலும் அந்தக் கேள்வி வந்தால் குறை கேட்பவரிடம் இல்லை. ஏதோ ஓரிடத்தில் பழைய நேரம் இன்னும் எழுதிக் கிடக்கிறது. தேடுங்கள்.

ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் குழுவில் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். சென்னைக்காரர் செப்டம்பர் 10, 17 இரண்டிலும் பாதியில் போனார். கேட்டபோது, ஒரு பெரிய கடைக்காரர் புதன் 3:15க்குத்தான் பார்க்க நேரம் கொடுக்கிறார் என்றார். கூட்டத்தை நகர்த்தவில்லை. அவருடைய ஊர்க் கணக்கைக் கூட்டத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தோம். 3:10க்கு அவர் பேசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

புது நேரத்தை மறுபடி விவாதத்துக்கு எடுப்பதற்கு முன் ஆறு புதன் விடுங்கள். அதற்குள் எழும் முணுமுணுப்பு பெரும்பாலும் பழக்கம் மாறும் வலிதான். ஆறு வாரம் கழித்து நான் பார்த்தது இரண்டே விஷயம்: மேஸ்திரி எத்தனை முறை முழுதாக இருந்தார், நிறம் மாறியதாகத் திரும்பி வந்த கல் எத்தனை. ஆறு கூட்டத்திலும் அவர் கை கால் கழுவி, பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த கல் ஒன்றும் இல்லை.